20க்கு 30 வீட்டுக் கூரைக்கு எத்தினை சீற்?

"அண்ணை, ஒட்டுசுட்டான் பக்கம் 20க்கு 30 அடியில வீடு கட்டுறம், ரெண்டு பக்கம் சரிவு, நடுமுகடு சுவரில இருந்து 4 அடி உயரம். 600 சதுர அடிதானே, 8 அடி சீற் 22 போதும் எண்டு ஒருத்தர் சொல்லுறார். சரியோ? சீற்றைத் தாங்கக் கைமரத்துக்குக் குறுக்கா போடுற பேர்லின், ஸ்குரூ எவ்வளவு எடுக்கிறது?"

22 காணாது தம்பி. அவர் நிலத்தின்ர பரப்பைத்தான் கணக்குப் பாத்திருக்கிறார், கூரை நிலத்தை விடப் பெரிசு, சீற்றும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறித்தான் கிடக்கும். பரப்பை விட்டிட்டு வரிசைக் கணக்குப் போடுங்கோ.

முதல்ல சரிவு நீளம். முகட்டில இருந்து சுவருக்கு 10 அடி, தாழ்வாரம் 2 அடி எண்டு வச்சால் கிடையா 12 அடி. 10 அடிக்கு 4 அடி இறக்கம் எண்டால் 12 அடிக்கு 4.8 அடி வரும், அப்ப சரிவில 12 அடி 11 அங்குலம் கிட்ட. கைமரம் ஏத்தியாச்செண்டால் கணக்கே வேண்டாம், முகட்டில இருந்து தாழ்வார நுனி வரைக்கும் நூல் பிடிச்சு அளவுங்கோ, அதுதான் உண்மையான அளவு.

13 அடி ஒற்றைச் சீற்றா வெட்டி எடுக்க ஏலுமெண்டால் அதுதான் திறம், நடுவில ஒட்டு இல்லை, ஒழுக்கும் இல்லை. லாண்ட்மாஸ்டர் பெட்டியில அவ்வளவு நீளம் ஏத்தினால் வழியில மடிஞ்சு போகும், அதால கீழ 8 அடி, மேல 6 அடி எண்டு போடலாம். கூட்டினால் 14, தேவை 13, ஒரு அடி ஓவர்லாப் கிடைக்குது. உங்கட சரிவுக்கு 6 அங்குலமே காணும், ஒரு அடி இன்னும் நல்லம்.

இனி அகலம். இங்கதான் காசு போறது. கடையில 3 அடி 6 அங்குலம் எண்டு சொல்லுற சீற் பக்க ஓவர்லாப் போக 3 அடி 3 அங்குலம்தான் மூடும் எண்டு வச்சுப் பாப்பம், நீங்கள் வாங்குற சீற்றை ரெண்டு வச்சு அடுக்கி அளந்து பாக்கவேணும். முக்கோணச் சுவர் பக்கம் ரெண்டிலும் ஒண்டரை அடி வெளிய விட்டால் 33 அடி. கடைசிச் சீற் மட்டும் முழு 3 அடி 6 அங்குலமும் மூடும், அப்ப 10 சீற் மூடுறது 32 அடி 9 அங்குலம். அந்த 3 அங்குலத்துக்காக 11ஆவது சீற் எடுத்தால் ரெண்டு பக்கம், ரெண்டு வரிசை, மொத்தம் 4 சீற் கூட. அதுக்குப் பதிலா ஒவ்வொரு பக்கமும் ஒண்டரை அங்குலம் உள்ளுக்கு இழுத்தால் முடிஞ்சுது. அப்ப 8 அடி 20, 6 அடி 20. முகட்டுக்கு 8 அடிக் கவர் 5.

பேர்லின்: ஓவர்லாப்புக்குக் கீழ கட்டாயம் ஒண்டு வேணும், அதுல இருந்துதான் மற்றதைப் பிரிக்கவேணும், சமமாப் பிரிச்சிட்டு ஒட்டு அந்தரத்தில நிண்டால் ஆள் ஏறின உடனே வாய் பிளந்திடும். தாழ்வார நுனியில ஒண்டு, அங்க இருந்து 7 அடி 3 அங்குலத்தில ஒட்டுப் பேர்லின், 12 அடி 6 அங்குலத்தில முகட்டுப் பேர்லின். கீழ இடையில ரெண்டு, மேல இடையில ஒண்டு, எந்த இடைவெளியும் 3 அடிக்குள்ள. ஒரு பக்கம் 6, மொத்தம் 12, ஒவ்வொண்டும் 32 அடி 9 அங்குலம். 20 அடி பொக்ஸ் பார் கணக்குக்கு 20 வரும், ஆனா மூட்டு கைமரத்துக்கு மேலதான் வரவேணும், வெட்டுக்கழிவு போகும், 22 எடுங்கோ.

ஸ்குரூ: தாழ்வாரம், ஒட்டு, முகடு மூண்டு பேர்லினிலயும் சீற்றுக்கு 5, மற்ற மூண்டிலயும் 3. ஒரு நெட்டு வரிசைக்கு 24, 20 வரிசைக்கு 480. ஓரப் பேர்லினில ஏன் கூட எண்டால் கச்சான் அடிக்கேக்க காத்து தாழ்வாரத்துக்குக் கீழ புகுந்து சீற்றை மேல தூக்கும், அந்த இழுவை ஓரத்திலதான் கூட. பக்க ஒட்டுகளை ரெண்டு பேர்லினுக்கு நடுவில ஒவ்வொரு சின்ன ஸ்குரூவால தைக்க இன்னும் 90. உடையிறது விழுறது சேத்து 500 பெரிசு, 100 சின்னன் வாங்குங்கோ. முகட்டுக் கவரின்ர இறக்கை முகட்டுப் பேர்லினைத் தாண்டி நிண்டால் அந்த ஸ்குரூவே கவரையும் பிடிக்கும், குட்டையா இருந்தா தனியா 100 எடுக்கவேணும்.

அலையின்ர மேட்டில அடியுங்கோ, பள்ளத்தில தண்ணி ஓடும். ரப்பர் வாசர் லேசாத் தட்டையாகி வாசர் விளிம்போட நிக்கவேணும், வெளிய பிதுங்கினால் இறுக்கம் கூட, மேடும் குழிஞ்சிருக்கும், ரப்பர் வெயிலில வெடிச்சு அந்த ஓட்டையாலதான் ஒழுகும். கையால சுழட்டக்கூடியதா வாசர் நிண்டால் இறுகேல்ல.

வன்னியில பெருமழை வாடையோட வடகிழக்கால வாறது, அதால தென்மேற்கு மூலையில தொடங்கி வடகிழக்குப் பக்கமா அடுக்கிக்கொண்டு போங்கோ, புதுச் சீற் எப்பவும் பழசுக்கு மேல ஏறவேணும். அப்ப ஒட்டின்ர வாய் மழைக்கு முதுகு காட்டி நிக்கும்.