பெயரில்லாப் புகார்கள்: எழுதியவரைக் காட்டிக்கொடுக்கலாமா?

"ஏழு மாதத்தில் என் மீது ஆறு மொட்டைக் கடிதங்கள். எழுதுவது யார் என்று எனக்குத் தெரியும். விசாரணை அதிகாரியிடம் பெயரைச் சொல்லிவிடலாமா?"

முதல் வாக்கியத்திலேயே சொல்லாதீர்கள். பகையோடு எழுதியவரும் உண்மையை எழுதியிருக்கலாம் என்பதால், அதிகாரி முதலில் பார்ப்பது நோக்கத்தை அல்ல, சரிபார்க்கக்கூடிய விவரத்தை. நிரூபணமாகாத புகார் எல்லாம் பொய்ப் புகாரும் ஆகாது. பொய்யென்று தெரிந்தே எழுதியதாகக் காட்ட வேண்டும்.

நான் விசாரித்த ஒன்றில், ஓர் ஊழியர் குறிப்பிட்ட நாளில் கிடங்கில் பணம் வாங்கினார் என்றது கடிதம். வருகைப் பதிவேட்டில் அன்று அவர் விடுப்பு. அதுமட்டும் போதவில்லை, தேதியை மறந்து எழுதுபவர்கள் உண்டு. அடுத்த கடிதம் பணத்தை விட்டுவிட்டு ஒழுக்கத்துக்குத் தாவியது, அதற்கடுத்தது போலிச் சான்றிதழுக்கு. மூன்றும் பதவி உயர்வு நேர்காணலுக்கு முந்தைய வாரங்களில் வந்தவை. உண்மையில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அதே குறையையே திரும்பத் திரும்ப எழுதுவார். சலிப்பூட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு விவரம் கூடும்.

ஆகவே ஒரு தாளில் கடிதம் வந்த தேதி, குற்றச்சாட்டு, முடிவு, அந்த வாரம் அலுவலகத்தில் நடந்தது என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டு, ஆவண நகல்களோடு கொடுங்கள். பெயரை அதிகாரி கேட்டால் சொல்லுங்கள், சந்தேகம் என்றே சொல்லுங்கள். அந்த ஆளிடம் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக ஏழாவது கடிதம் வரும்.