செலவு போக கையில என்ன நிக்கும்? ரெண்டாவது சம்பளத்தோட கணக்கு

கேள்வி: வயசு 36. அக்கவுண்ட்ஸ் வேலையில இருந்தேன், மூத்தவ பிறந்ததும் விட்டேன், 7 வருஷம் ஆச்சு. மூத்தவ ஸ்கூல் போறா, சின்னவனுக்கு 2 வயசு. இப்ப ஒரு ஆஃபர் வந்திருக்கு, பழைய சம்பளத்தை விட கம்மிதான். வீட்டுக்காரர் வேணாம்னு சொல்லல, ஆனா "டே கேர், போக்குவரத்து எல்லாம் போக கையில ஒண்ணும் நிக்காது, இன்னும் 3 வருஷம் கழிச்சு பாக்கலாமே"ன்னு இழுக்கறார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கா?

பதில்: பாதி நியாயம் இருக்குங்க. கழிக்கறதெல்லாம் சரியா கழிக்கறார், எங்க நிறுத்தணுமோ அதுக்கு முன்னாடியே நிறுத்திடறார், அவ்வளவுதான்.

ரெண்டு பேரும் உக்காந்து போட்டுப் பாக்கற மாதிரி ஒரு கணக்கு சொல்றேன். அவர் கைக்கு மாசம் வர்றது 100ன்னு வச்சுக்கோங்க, வீட்டுச் செலவு 80, உங்க ஆஃபர் 40. அந்த 40ல வரிக்கு 2, ஓய்வுக்கால சேமிப்புக்கு 3 பிடிச்சா கைக்கு 35 வரும். டே கேர் 14, போக்குவரத்து 4, வீட்டு வேலைக்கு ஆள் 5, ட்ரெஸ், வெளிச்சாப்பாடு, சில்லறைன்னு 3, மொத்தம் 26 போயிடும். மிச்சம் 9. அவர் "ஒண்ணும் நிக்காது"ன்னு சொல்றது இந்த 9ஐத்தான், 9க்காக வீடே தலைகீழா ஆகணுமான்னு அவருக்குத் தோணுது, புரிஞ்சுக்க முடியுது. (வரி விஷயத்துல மட்டும் ஒண்ணு பாத்துக்கோங்க, தனித்தனியா வரி போடற நாட்டுல உங்க சம்பளம் கீழ்ப் படியில இருந்து ஆரம்பிக்கும், வரியே வராமகூட போகலாம். அமெரிக்கா, ஜெர்மனி மாதிரி புருஷன் பொண்டாட்டி சேந்து கணக்கு காட்ற இடத்துல அவர் சம்பளம் எந்தப் படியில முடியுதோ அங்கருந்து உங்களுது ஆரம்பிக்கும், அப்ப பிடித்தம் நான் போட்டதை விட நிறைய வரும்.)

இந்த இடத்துல நிறைய பேர் ஒரு வாதம் வைப்பாங்க, குழந்தை ரெண்டு பேருக்கும்தானே, டே கேர் செலவை ஏன் அம்மா சம்பளத்துல மட்டும் கழிக்கறீங்க, பாதிப்பாதி போடுங்கன்னு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா போறதா வேணாமான்னு முடிவு பண்ண அது உதவாது, ஏன்னா யார் பேர்ல எழுதினாலும் வீட்டுக்குள்ள புதுசா வர்றது 35, புதுசா போறது 26 தான். அதனால வீட்டுக்காரர் கழிக்கறதை கழிக்கவே விடுங்க, அதுல சண்டை போடாதீங்க.

அவர் விட்டது ரெண்டு. ஒண்ணு, சம்பளத்துல பிடிச்ச அந்த 3 செலவு இல்ல, உங்க பேர்ல சேர்ற பணம். கம்பெனியும் அதே அளவு போடற இடமா இருந்தா மாசம் 6 சேருது, ஆக வேலைக்குப் போறதால வீட்டுக்கு வர்றது 9 இல்ல, 15. அந்த 6 கண்ணுல படாத பணம், அதனாலதான் எல்லாரும் விட்டுடறாங்க. 7 வருஷமா உங்க பேர்ல அப்படி எதுவும் சேரலங்கறதையும் அவர்கிட்ட சொல்லுங்க.

ரெண்டாவதுதான் பெரிசு. அவர் போட்டது முதல் வருஷ கணக்கு, அதுதான் இருக்கறதுலயே மோசமான வருஷம், டே கேர் உச்சத்துல இருக்கு, சம்பளம் அடியில இருக்கு. 3 வருஷம் கழிச்சு சின்னவன் முழுநேர ஸ்கூல் போவான், சாயந்திரம் மட்டும் பாத்துக்க ஆள் போதும், 14 இருந்த இடத்துல 5ன்னு வைங்க. மத்த 12 விலைவாசியில 14 ஆகட்டும். சம்பளம் வருஷம் 8 சதவீதம் ஏறினா 40 வந்து 50 ஆகியிருக்கும், அதே விகிதத்துல பிடித்தம் போனா கைக்கு 44 வரும், செலவு 19, மிச்சம் 25. இதே நீங்க அப்பதான் முதல் முதலா வேலை தேடப் போனா கேப் 10 வருஷம் ஆகியிருக்கும், 50 யாரும் நீட்ட மாட்டாங்க, இன்னைக்கு கிடைக்கற 40 கிடைச்சா அதிர்ஷ்டம். அந்த 10 வித்தியாசம் ஒரு வருஷத்தோட போறதில்ல, இன்கிரிமெண்ட் சதவீதத்துல வர்றதால வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகும். உங்க லைன்ல வரிச் சட்டமும் சாஃப்ட்வேரும் மாறிட்டே இருக்கும், கேப்போட விலை அதிகம்.

அதுக்காக எந்த ஆஃபர் வந்தாலும் போங்கன்னு சொல்லல. மேல போட்ட கணக்குல சம்பளம் 30க்கு கீழ இறங்கினா மாசா மாசம் அவர் சம்பளத்துல இருந்து எடுத்துக் கொடுத்துட்டு வேலைக்குப் போறீங்கன்னு அர்த்தம். (செலவு 26, கைக்கு வர்றது சம்பளத்துல எட்டுல ஏழு பங்கு, அதனால 30.) உங்க சொந்த எண்களை வச்சு இந்த கோடு எங்க வருதுன்னு கண்டுபிடிச்சுக்கோங்க. கோட்டுக்கு ரொம்ப பக்கத்துல இருந்தா, குழந்தைக்கு ஜுரம்னு நீங்க லீவ் போட்டு அது லாஸ் ஆஃப் பே ஆச்சுன்னா அந்த மாசம் நஷ்டத்துல போயிடும், டே கேர் சேர்ந்த புதுசுல குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வரும்ங்கறதால இது சும்மா சொல்ற பயம் இல்ல. அந்த நாள்ல யார் லீவ் போடறதுன்னு இப்பவே பேசிடுங்க. என் அனுபவத்துல இழுக்கற கணவர்கள் பாதி பேரோட நிஜ தயக்கம் காசு இல்ல, இந்த லீவ் பேச்சுதான், ஆனா அதை வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, கணக்கு பேர்ல சொல்வாங்க.

அவர்கிட்ட இன்னொன்னும் காட்டுங்க. அவர் வேலை போச்சுன்னா 6 மாசம் தாங்க 480 சேமிப்பு வேணும். நீங்க சம்பாதிச்சா, அவர் வீட்ல இருக்கறதால டே கேர் நின்னுடும், உங்க 35ல மத்த செலவு 12 போக 23 வீட்டுக்கு வரும், மாசம் 57தான் குறையும். அதே 480 எட்டு மாசத்துக்கு மேல ஓடும். ஒரே சம்பளத்துல நிக்கற வீட்டுக்காரருக்கு இது 9ஐ விட நல்லா உறைக்கும்.

சரின்னு ஆயிட்டா, சேர்றதுக்கு 3 வாரம் முன்னாடியே சின்னவனை டே கேர்ல அரை நாள் விடுங்க, அந்த செலவு முதல் சம்பளத்துக்கு முன்னாடி வரும், எடுத்து வச்சுக்கோங்க. சம்பளத்தை தனி அக்கவுண்ட்ல வாங்குங்க, ஆனா டே கேர் பணம் மட்டும் ரெண்டு பேரும் போடற பொது அக்கவுண்ட்ல இருந்து போகட்டும், பாதிப்பாதி வாதம் இங்கதான் பொருந்தும், இல்லன்னா மாசக் கடைசியில உங்க பேலன்ஸ பாத்துட்டு நீங்களே "எதுக்கு போறேன்"னு கேக்க ஆரம்பிச்சிடுவீங்க. ப்ரொபேஷன் முடியற வரைக்கும் இந்த சம்பளத்தை நம்பி புது லோன், இஎம்ஐ எதுவும் வேணாம், வீட்டுச் செலவு அவர் 100லயே ஓடட்டும். 6 மாசம் கழிச்சு நிஜமா எவ்வளவு நின்னுச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து பாருங்க, 9க்கு பதிலா 4 தான் நின்னிருந்தா எந்த செலவு ஏறிச்சுன்னு தேடுங்க, முக்காவாசி வெளிச்சாப்பாடும் ஆட்டோவுமாதான் இருக்கும்.