ஸ்பைருலினா காசில் தடைக்காலச் சேமிப்பு

கேள்வி: வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். உடம்புக்கு நல்லது என்று மாதம் அரைக் கிலோ சியா விதை 500 ரூபாய், ஸ்பைருலினா 180 மாத்திரை 900, முருங்கைப் பொடி 350 என வாங்குகிறேன். தடைக்காலத்தில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தச் செலவு தேவைதானா? - வாசகி, பாம்பன்

பதில்: ஸ்பைருலினாவை முதலில் நிறுத்துங்கள். அரை கிராம் மாத்திரை 180 என்றால் மாதம் முழுக்க 90 கிராம் பொடிதான். அதில் பாதிக்குச் சற்று மேல் புரதம், அதாவது சுமார் 50 கிராம். ஒரு கிராம் புரதத்துக்கு 18 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை 7 ரூபாய் என்றால் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். டப்பாவில் நூற்றுக்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், நாம் ஒரு நாளைக்கு விழுங்கும் அளவில் எவ்வளவு என்று பாருங்கள். பி12 இருக்கிறது என்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத வகை. உங்கள் வீட்டு மீன் குழம்பில் நல்ல பி12 கிடைக்கிறது.

சியா மோசமான பொருள் இல்லை. நார்ச்சத்தும் ஒமேகா-3 கொழுப்பும் நிறையவே உண்டு. ஆனால் அதே எடை ஆளி விதையில் ஒமேகா-3 இன்னும் கூடுதல், நார் கொஞ்சம்தான் குறைவு. கிலோ 200 ரூபாய் என்றே வைத்தாலும் அரைக் கிலோ 100 ரூபாயில் முடியும். ஒன்று மட்டும் கவனம்: ஆளியை முழுசாகச் சாப்பிட்டால் அப்படியே வெளியேறிவிடும். லேசாக வறுத்து, எள்ளோடு இட்லிப் பொடியில் அரையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அப்புறம், விதையின் ஒமேகா-3 உடம்பில் கொஞ்சம்தான் மீன் கொழுப்பாக மாறும். சூடையும் சாளையும் அதை நேராகவே தருகின்றன. தடைக்காலத்திலும் நாட்டுப் படகில் அவை வரும்.

முருங்கைப் பொடிக்கு 350 ரூபாயா! நம் மணல் தரையில் போத்து நட்டாலே வருகிற மரம். இலையை நிழலில் உலர்த்தி நீங்களே பொடித்துக்கொள்ளலாம். ஆனால் இரத்தசோகை இருந்தால் கீரையை மட்டும் நம்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இப்போது 1,750 போகிறது. ஆளிக்கு 100, மாதம் 30 முட்டைக்கு 210 போக, 1,440 மிஞ்சும். அதில் 1,400 ரூபாயை வங்கியில் 9 மாதத் தொடர் வைப்பாகப் போடுங்கள். ஜூலை 10-க்குள் தொடங்கினால், ஏப்ரல் 15 தடை தொடங்குவதற்குள் 12,600 ரூபாயும் வட்டியும் கைக்கு வந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்கு ஒத்துவராது. அது 5 வருடத் திட்டம், 3 வருடம் ஆகாமல் முடிக்க விடமாட்டார்கள்.