கணவர் ‘சேர்ந்து வாழ’ மனுப் போட்டு சம்மன் வந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாவிட்டால் போலீஸ் வந்து அவர் வீட்டில் கொண்டுபோய் விடுமா?

விடாது. அவர் பக்கம் தீர்ப்பு ஆனாலும் உங்களை யாரும் இழுத்துப் போக முடியாது, கைது செய்யவும் சட்டத்தில் இடமில்லை. சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. என் அனுபவத்தில் அதை யாரும் கேட்டதில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் பலர் ‘அப்ப எதுக்குப் போகணும்’ என்று இருந்துவிடுகிறார்கள்.

உங்களுடையது இந்து திருமணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இது. கணவனோ மனைவியோ தகுந்த காரணமில்லாமல் பிரிந்து போய்விட்டால், வந்து சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள் என்று மற்றவர் கேட்கலாம். காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது பிரிந்து போனவர். ஆக, நீங்கள் போகாமலிருந்தால் உங்கள் காரணம் கோர்ட்டுக்கே தெரியாது. சம்மனை வாங்க மறுத்தாலும் அது உங்கள் கைக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

அதற்கப்புறம் வருவதுதான் முக்கியம். தீர்ப்பு வந்து ஒரு வருடம் வரை இருவரும் சேராவிட்டால், அதையே காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்கலாம். கொடுமை, கள்ளத்தொடர்பு என்று எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதில் விசித்திரம், மனுப் போட்டவர் மட்டுமல்ல, எதிர்த்தரப்பும் கேட்கலாம். 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சரோஜ் ராணி வழக்கில் சேர்ந்து வாழ மனுப் போட்டதே மனைவிதான். கணவர் கோர்ட்டில் சரி என்று ஒப்புக்கொண்டார், தீர்ப்பும் ஆனது. ஒரு வருடம் கழித்து, நாங்கள் சேரவே இல்லை என்று அவரே விவாகரத்துக் கேட்டார். அழைத்துப் போய் இரண்டு நாளில் வெளியே அனுப்பிவிட்டார் என்று மனைவி சொன்னது எடுபடவில்லை, விவாகரத்து நின்றது. இந்தப் பிரிவே செல்லாது என்று அதற்கு முந்தைய வருடம் ஆந்திர உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததையும் அதே தீர்ப்பு மாற்றிவிட்டது.

மனு எப்போது வந்தது என்று பாருங்கள். நீங்கள் ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட சில வாரங்களில் வந்திருந்தால், ‘நான் கூப்பிடுகிறேன், அவள்தான் வரவில்லை, பணம் எதற்கு’ என்று சொல்லத்தான் பெரும்பாலும். அந்தக் கணக்கும் இப்போது அவ்வளவு சுலபமில்லை. சேர்ந்து வாழத் தீர்ப்பு இருக்கிறது என்பதாலேயே மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்க முடியாது, அவள் போகாததற்குத் தகுந்த காரணம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னிடம் வந்த ஒரு அம்மா சம்மனை வாங்கவே இல்லை. விவாகரத்து சம்மன் வந்த பிறகுதான் பதறிப்போய் வந்தார். முதல் தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும்; தாண்டிவிட்டதால் தாமதத்துக்கும் தனி மனு, விளக்கம், செலவுத்தொகை. எப்படியோ வழக்கு மறுபடி நடந்தது. குறுக்கு விசாரணையில் கணவரிடம் கேட்டேன்: “அழைக்கப் போனதாகச் சொல்கிறீர்களே, எந்த மாதம்?” ஞாபகமில்லை. “குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது?” தெரியவில்லை. “கடைசியாக எப்போது பணம் அனுப்பினீர்கள்?” பதிலே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டும், அடி வாங்கிய மறுநாள் அந்த அம்மா தன் அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் எங்களிடம் இருந்தன. மனு தள்ளுபடி. அந்தத் தீர்ப்பை நம்பிப் போட்ட விவாகரத்து மனுவும் அதோடு நிற்க இடமில்லாமல் போனது.

எல்லா மனுவும் சூழ்ச்சி என்று சொல்லமாட்டேன். தனி வீடு பார்த்து வாடகை ஒப்பந்தத்தோடு வந்து நின்ற கணவரையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குச் சேர்ந்து வாழ விருப்பம் இருந்தால், எதிருரையில் என்ன செய்தால் வருவேன் என்று தெளிவாக எழுதுங்கள்: தனிக்குடித்தனம், குடியை விடுவது, எதுவோ அது. வெறுமனே ‘சம்மதம்’ என்று எழுதிவிடாதீர்கள். விருப்பம் இல்லையென்றால் ‘வரமாட்டேன்’ என்று மட்டும் எழுதாமல், தேதியும் நடந்ததும் ஆதாரமுமாக எழுதுங்கள். வழக்கு தூரத்து ஊரில் இருந்தால் உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்கலாம், ஒரே மாநிலம் என்றால் உயர் நீதிமன்றத்தில். போக வர, வக்கீல் வைக்க ஆகும் செலவை 24-ஆவது பிரிவின் கீழ் அவரிடமே கேட்கவும் வழி உண்டு. ஆனால் முதல் வாய்தாவுக்கு வக்கீலையாவது அனுப்பிவிடுங்கள்.