ஒன்பது நாள் மூடினால் ஒன்பது நாள் லீவா?

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான்கு வருஷமாக வேலை. நிரந்தரத் தொழிலாளிகள் எண்பது பேர் இருக்கிறோம். சரக்கு தேங்கிவிட்டதால் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஷட்டவுன் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். ‘ஒன்பது நாளும் ஈ.எல். கணக்கில் சரிசெய்யப்படும், இருப்பு போதாதவர்களுக்கு அடுத்த ஆண்டு விடுப்பில் பிடிக்கப்படும்’ என்று போட்டிருக்கிறது. என்னிடம் நான்கு ஈ.எல்.தான் மிச்சம். இந்த வருஷம் 262 நாள் வேலை செய்திருக்கிறேன். இது சரியா?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில் அந்த ஒன்பதைப் பிரித்துப் பாருங்கள், அம்மா. 24 புதன்கிழமை. 25 கிறிஸ்துமஸ். 28 ஞாயிறு, உங்கள் வார விடுமுறையும் அன்றுதான் என்று வைத்துக்கொள்கிறேன். ஜனவரி 1 புத்தாண்டு. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடவேண்டும். அந்த ஐந்தில் கிறிஸ்துமசும் புத்தாண்டும் இருக்கின்றனவா என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் விடுமுறைப் பட்டியலில் பாருங்கள். இருந்தால் மீதி 24, 26, 27, 29, 30, 31 மட்டும். ஆறு நாள்தான்.

ஈ.எல். எடுக்கும்போது நடுவிலோ முன்னும் பின்னுமோ வரும் விடுமுறை நாட்களை அதில் சேர்க்கக்கூடாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி இது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகும் மாறவில்லை. மாறியது வேறு: ஈ.எல். பெற 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்தது 180 ஆகிவிட்டது. நீங்கள் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள்.

இந்தத் தப்பை மேனேஜர் வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்கவேண்டாம். நானும் செய்திருக்கிறேன். கிண்டியில் ஒரு டைம் ஆபீசில் இருந்தபோது ஒரு பொங்கலுக்கு ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று கழித்துவிட்டு, லீவ் கார்டில் சிவப்பு மையால் எழுதி அனுப்பிவிட்டேன். லேத் ஆபரேட்டர் ஒருவர் எண்ணெய்க் கையோடு கார்டை மேஜையில் வைத்து, “சார், ஞாயித்துக்கிழமைக்கும் லீவா போட்டேன்?” என்றார். நாற்பது கார்டைத் திருத்தினேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். இருபது நாள் வேலைக்கு ஒரு ஈ.எல். என்பதால் 262 நாளுக்கு 13 நாள், ஜனவரியில் உங்கள் கணக்கில் ஏறும். நோட்டீஸ்படி ஒன்பதைக் கழித்தால் கையிருப்பு நான்கு போக ஐந்து கடன், புதிய வருஷத்துக்கு எட்டுதான் மிஞ்சும். சரியாக ஆறைக் கழித்தால் கடன் இரண்டு, பதினொன்று மிஞ்சும். மூன்று நாள் வித்தியாசம்.

அந்த இரண்டு நாள் கடனும் அவசியம்தானா? பழைய சட்டப்படி ஈ.எல். என்பது தொழிலாளி எழுதிக் கேட்டு வாங்குவது. நிர்வாகம் தானாகத் தேதி குறிக்கவேண்டுமென்றால், ஒர்க்ஸ் கமிட்டியோடோ தொழிலாளர் பிரதிநிதிகளோடோ ஒத்துக்கொண்டு எழுதிய திட்டம் வேண்டும். அப்படி ஒன்று கையெழுத்தாகியிருக்கிறதா என்று யூனியன்காரரையோ கமிட்டி உறுப்பினரையோ கேளுங்கள். இருந்தால், கடன் பிடிப்பது பற்றியும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பல ஒப்பந்தங்களில் இருப்பு வரைதான் பேச்சு இருக்கும்.

இல்லையென்றால் அந்த நோட்டீசில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது: ‘சரக்கு தேங்கியதால்’ என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காரணத்துக்காக வேலை தர முடியாமல் போனால் அது லே-ஆஃப். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வருஷம் தொடர்ந்து இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கவேண்டும். உங்கள் நாள் கணக்கு 600 ரூபாய் என்றால் இரண்டு நாளுக்கு 600 ரூபாய். பாதிச் சம்பளம் போனாலும் பதிமூன்று ஈ.எல்.லும் முழுசாக நிற்கும். மெஷின் பராமரிப்பு என்று எழுதியிருந்தால் இந்த வாதம் இவ்வளவு சுலபமாக ஒட்டாது, ஆகவே நோட்டீசை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

எது லாபம் என்று கேட்டால், அடுத்த வருஷம் கல்யாணம், காதுகுத்து என்று லீவு தேவைப்படாதவர்கள் கடனையே ஏற்கலாம், முழுச் சம்பளம் கைக்கு வரும். ஆனால் நடுவில் வேலையை விட்டுப் போனால் அந்த இரண்டு நாள் சம்பளம் கடைசிக் கணக்கில் கழியும்.

மேனேஜருக்கு எழுதும்போது சண்டை வேண்டாம். “24, 26, 27, 29 ஆகிய நான்கு நாட்களுக்கு மட்டும் என் ஈ.எல். இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம். 25, 28, ஜனவரி 1 விடுமுறை நாட்கள். 30, 31-க்கு லே-ஆஃப் ஈட்டுத்தொகை வழங்கக் கோருகிறேன்” என்று எழுதி, டைம் ஆபீசில் ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் சம்பளச் சீட்டு வந்ததும் ஈ.எல். கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். சைபர் இருந்தால் சரி. கழித்தல் ஐந்து என்று இருந்தால் அந்த நகலோடு திரும்பப் போங்கள்.