தன்விவரக் குறிப்பில் ‘நிபுணர்’ என்றால் எவ்வளவு ஆழம்?

கேள்வி: ‘பரிச்சயம் உண்டு’, ‘தேர்ச்சி’, ‘நிபுணர்’ என்று எழுதியிருந்தால் எதை எவ்வளவு நம்பலாம்?

பரிச்சயம் என்பது பிறர் காட்டியபடி செய்யத் தெரிவது. தேர்ச்சி, வழக்கமான வேலையைத் தனியே முடிப்பது. நிபுணத்துவம், வழக்கம் மாறும்போதும் காரணம் அறிந்து முடிவெடுப்பது. இவற்றுக்குப் பொது அளவுகோல் இல்லாததால் அவரவர் தம்மைத் தாமே அளந்த மதிப்பாகவே இவை நிற்கின்றன. ஆகவே குறிப்பில் அச்சொற்களுக்குக் கீழே எழுதியுள்ள வேலை விவரத்தின் வினைச்சொல்லையே நான் முதலில் பார்ப்பேன். குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் இருவரில், இலை வாட்டுவதில் ‘நிபுணர்’ என்பவர் “உதவினேன்” என்று மட்டும் எழுதியிருக்க, ‘பரிச்சயம்’ என்பவர் மழைநாளின் ஈர இலைக்கு வெப்பக் காற்றைக் கூட்டி, வாட்டும் நேரத்தை நீட்டியதை எழுதியிருந்தால், ஆழம் பின்னவரிடமே தெரிகிறது. ஒரே சொல் வேறுவேறு ஆழத்தை மறைப்பதும் உண்டு: சமவெளியில் மட்டும் ஓட்டியவரும், நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குறைந்த கியரில் இறங்கிப் பழகியவரும் “வண்டி ஓட்டத் தெரியும்” என்றே சொல்வார்கள். ஆண்டுக்கணக்கே ஆழத்தைக் காட்டிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். பத்தாண்டுகள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் தேர்ச்சி நிலையிலேயே இருக்கக்கூடும்.