அந்த ஒரு நிமிடத்தை அம்மாவிடம் பேசிக் காட்டுங்கள்

கேள்வி: விசைத்தறியில் பாவு இழை அறுந்ததும் தறியை நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன். பாவு கொடுத்துத் துணி வாங்கும் வியாபாரி ஒருவர் பேச ஒரு நிமிடம் கொடுத்தார். சென்சார், சர்க்யூட் எல்லாம் விளக்கினேன்; ‘பார்க்கலாம் தம்பி’ என்று எழுந்துவிட்டார். இரவில் எங்கள் எட்டுத் தறிகளையும் ஓட்டும் அம்மா, என்ன பேசினாய் என்று கேட்டார். சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன். ஒரு நிமிடப் பேச்சை எப்படி அமைப்பது?
– வாசகர், சோமனூர்

பதில்: அறுந்த இழையைத் தேடி எட்டுத் தறிகளுக்கு நடுவே விடியும்வரை நடப்பவருக்குப் புரியாத எதை அந்த வியாபாரிக்குப் புரியவைக்கப் போனீர்கள், தம்பி? அம்மா ஓட்டிய தறியின் கூலியில் படித்துவிட்டு அவரிடமே ‘புரியாது’ என்பதை நான் திமிர் என்றுதான் சொல்வேன். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்படியே, அறுந்த இழை கண்ணில் படாமல் போனால் துணி என்னவாகிறது என்றும் கேளுங்கள். நீங்கள் பேசாமல் விட்ட பகுதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பாவுக்குக் குறுக்கே நிமிடத்துக்கு 120 ஊடை இழை போடும் தறியில், அங்குலத்துக்கு 48 ஊடை உள்ள துணி நிமிடத்துக்கு இரண்டரை அங்குலம் வளரும். அம்மா மறுகோடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் 8 நிமிடத்தில், 20 அங்குல நீளத்துக்கு இழையில்லாத கோடு விழுந்துவிடும். இதுதான் தேவை, இதற்கு 25 நொடி கொடுங்கள். உங்கள் யோசனைக்கு, அதாவது கருவிக்கு 15 நொடி, பயனுக்கு 15 நொடி, மீதி 5 நொடியில் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களோ முழு நிமிடத்தையும் யோசனைக்கே செலவழித்திருக்கிறீர்கள்.

இப்படிப் பேசிப் பாருங்கள்: “ஐயா, பழைய சாதாத் தறியில் பாவு இழை அறுந்தாலும் தறி நிற்பதில்லை. ஆள் வந்து பார்ப்பதற்குள், எட்டே நிமிடத்தில் 20 அங்குலத் துணி பழுதாகிறது. நீங்கள் கூலியில் பிடித்தாலும், பழுதான துணி உங்கள் தலையில்தான் விழுகிறது. தானியங்கித் தறியில் இருப்பதைப் போல, இழை அறுந்த உடனே பழைய தறியையும் நிறுத்தும் கருவி செய்திருக்கிறேன். கருவி உள்ள இரண்டு தறிகளில் ஒரு மாதத்தில் விழுந்த பழுது இவ்வளவு. இல்லாத இரண்டில் இவ்வளவு. உங்கள் பாவு ஓடும் நான்கு தறிகளில் ஒரு மாதம் பொருத்திப் பார்க்க அனுமதி கொடுங்கள்.”

அந்த இரண்டு ‘இவ்வளவு’களையும் அளந்து நிரப்பாமல் மறுபடி போகாதீர்கள், ஒரே பாவு ரகம் ஓடும் தறிகளை ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். பயன் என்பது கேட்பவருடைய பயன் என்பதையும் மறக்க வேண்டாம். அம்மாவின் நடை குறைவது உண்மையான பயன்தான், ஆனால் அதைத் தறிக்காரர்களிடம் சொல்லுங்கள். வியாபாரிக்குப் பழுதின் மீட்டர்தான் கணக்கு. பேசி முடித்ததும் “விலை என்ன, எந்தத் தறிக்குப் பொருந்தும்?” என்று கேட்டால் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுபடியும் ‘பார்க்கலாம்’ என்றால், தேவை அவருக்கு உறைக்கவில்லை; முதல் 25 நொடியைத்தான் திருத்த வேண்டும், கருவியை அல்ல.

அதற்கு முன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஒருமுறை பேசிக் காட்டுங்கள். அவர் “அப்படின்னா?” என்று கேட்கும் சொல்லையெல்லாம் எடுத்துவிடுங்கள். தறி ஓடும்போது வேண்டாம், காதில் விழாது. கரண்ட் போகும் நேரமாகப் பாருங்கள்.